கேட்டுக் கேட்டும் மனசு ஏன் ஆறவில்லை?

"நான் தக்கலை, கணவருக்குக் குளச்சலில் கடை. 'என்மேல கோபம் இல்லல்ல?' என்று தினமும் பலமுறை போனில் கேட்கிறேன். இல்லை என்பார். அரைமணி நேரத்தில் மறுபடி பயம்."

சகோதரி, அவர் "இல்லை" என்றதும் நெஞ்சு லேசாகிறதே, சிக்கல் அங்கேதான். பயம் தானாக வடியும் என்பதை அறிய மனதுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. கேட்டதால்தான் தப்பித்தோம் என்று படித்துக்கொள்கிறது. அப்புறம் பதிலையே சோதிக்கும்: குரல் ஏன் மாறியது, ஏன் உடனே வைத்தார்? கடையில் ஆள் நிற்கும்போது பத்தாவது தடவை கேட்டால் யாருக்கும் சலிக்கும். அந்தச் சலிப்பே உங்களுக்குப் புது ஆதாரம்.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், தள்ளிப்போடுங்கள். கேட்கத் தோன்றினால், பயம் பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள். எட்டு ஆறாகியிருந்தால், அவர் பதில் இல்லாமலே இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் 30 நிமிடம். அவரிடமும் முன்பே பேசி வையுங்கள்: "பயம் வந்திருக்குன்னு புரியுது, ராத்திரி பேசலாம்" என்று மட்டும் சொல்லட்டும். சொல்லாமல் திடீரென்று பதிலை நிறுத்தினால் பயம் கூடத்தான் செய்யும்.

நாளில் பல மணி நேரம் இதிலேயே போனால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கணவர் நிஜமாகவே மிரட்டுகிறார் என்றால் இந்தப் பயிற்சி அதற்கல்ல.