முக்கோணவியல் கணக்குக்கு படிவாரி மதிப்பெண் பிரிப்பது எப்படி?

கேள்வி: பொதுத்தேர்வு மாதிரி வினாத்தாளில் 5 மதிப்பெண் உயரம்-தூரம் கணக்கு வைத்திருக்கிறேன். படிவாரியாக மார்க் பிரித்து விடைக்குறிப்பு எழுதுவது எப்படி?

சரியான விடையை எழுதி, ஓரத்தில் 1, 1, 1 என்று போட்டு முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சரியாக எழுதிய பையனுக்கு விடைக்குறிப்பே தேவையில்லை. பாதி வழியில் தடம் மாறியவனுக்கு என்ன தருவது என்பதைத்தான் அது சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தரையில் ஓர் இடத்திலிருந்து பார்த்தால் கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 30°. கோபுரத்தை நோக்கி 20 மீ நடந்த பிறகு 60°. உயரம் என்ன?

கிட்டத்துப் புள்ளியிலிருந்து கோபுர அடி வரை x, உயரம் h. அப்போது tan 60° = h/x, tan 30° = h/(x + 20). முதலாவதிலிருந்து h = √3x. இரண்டாவதிலிருந்து x + 20 = √3h = 3x. ஆகவே x = 10, h = 10√3 மீ.

படத்துக்கு 1, சமன்பாடுகளுக்கு 1 + 1, x கண்டுபிடிப்பதற்கு 1, h-க்கு 1. படம் இல்லாவிட்டாலும் x, h எவை என்று தெளிவாக எழுதியிருந்தால் முதல் மார்க்கைத் தரலாம். வினாவிலேயே 'படம் வரைக' என்றிருந்தால் தரக் கூடாது. சமன்பாட்டு மார்க் tan 60° = h/x என்ற வரிக்கு, √3 என்ற மதிப்புக்கு அல்ல. இதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

இனி பிழைகளுக்கு வருவோம். அடிக்கடி வருவது 30°, 60° இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது. அப்படிப் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். h = x/√3, h = √3(x + 20). எனவே x = 3x + 60, x = −30, h = −10√3. எண் அதேதான், குறி மட்டும் மாறுகிறது! மாணவன் கழித்தல் குறியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு 10√3 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவான். கடைசி வரியை மட்டும் பார்த்துத் திருத்துபவர் 5-க்கு 5 போட்டுவிடுவார். இது 20 மீட்டருக்கு மட்டும் நேர்வது அல்ல, இந்த மாதிரிக் கணக்கு எல்லாவற்றிலும் நடக்கும். அதனால் 'விடை சரி எனில் முழு மதிப்பெண்' என்ற வரியை இங்கே எழுதவே எழுதாதீர்கள்.

இவனுக்கு நான் 3 தருவேன். படம் தவறு, 0. தன் படத்துக்கு ஏற்ப இரு சமன்பாடுகளையும் சரியாக அமைத்தான், 2. அவற்றைத் தீர்த்து x = −30 வரை போனான், 1. கழித்தல் குறியில் நீளம் வந்தும் திரும்பிப் பார்க்கவில்லை, கடைசி மார்க் இல்லை. 3 தாராளம் என்று சிலர் சண்டைக்கு வரலாம். ஒரே பிழைக்கு நான்கு இடத்தில் வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் இந்தச் சலுகைக்கு எல்லை உண்டு. இன்னொருவன் tan 30° = h/20 என்று போட்டு, நேராக h = 20/√3, அதாவது சுமார் 11.55 மீ என்று முடிக்கிறான். அவன் பிழை கணக்கையே சுருக்கிவிட்டது. நீக்கல் வேலையை அவன் செய்யவே இல்லை. 'தன் பிழைக்கு ஏற்பச் சரியாகத்தானே செய்திருக்கிறான்' என்று கடைசி இரண்டு மார்க்கைத் தரக் கூடாது. படம் சரியென்றால் 1, tan 60° சமன்பாட்டை எழுதியிருந்தால் இன்னொன்று, அவ்வளவே. பிழைக்குப் பிறகும் மீதி வேலை அதே கடினத்தோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். x + 20 = 3x-ஐ 4x = 20 என்று மாற்றி x = 5, h = 5√3 என்று முடித்தவனுக்கு வேலை குறையவில்லை. அவனுக்கு ஒரே ஒரு மார்க்தான் போகும், 4 தரலாம்.

tan இல்லாமல் வருபவனையும் மறக்காதீர்கள். இரண்டு பார்வைக் கோடுகளும் உச்சியில் சேரும் இடத்தில் கோணம் 60° − 30° = 30°. ஆகவே இருசமபக்க முக்கோணம், கிட்டத்துப் பார்வைக் கோட்டின் நீளம் 20 மீ. h = 20 sin 60° = 10√3. படம் 1, உச்சிக் கோணம் 1, காரணத்தோடு 20 மீ 1, sin 60° = h/20 1, விடை 1. இதற்குத் தனி வரிசை எழுதாமல் 'வேறு பொருத்தமான முறைக்கு உரிய மதிப்பெண் தருக' என்று ஒற்றை வரியில் நழுவுபவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். உரியது எவ்வளவு என்பதுதானே கேள்வியே! நேரம் துரத்தும்போது ஒருவர் 3 தருவார், பக்கத்து மேசைக்காரர் 5 தருவார்.

தசமத்தில் செய்தவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். 1/√3-ஐ 0.57 என்றும் √3-ஐ 1.73 என்றும் முன்கூட்டியே வெட்டினால் h சுமார் 17.0 வரும், சரியான மதிப்பு 17.32. முறைக்கான மார்க் எல்லாம் உண்டு, கடைசி ஒன்று மட்டும் கிடையாது. √3 = 1.732 என்று வினாவிலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தகராறே வராது.