புரோபிட்டா, லாஜிட்டா? கேள்வி பதில்

கேள்வி: ஒரு நிகழ்வு நடக்குமா நடக்காதா என்பதன் நிகழ்தகவை மதிப்பிட புரோபிட், லாஜிட் என்ற இரண்டு மாதிரிகளையும் ஓட்டினேன். ஒரே தரவு, ஒரே மாறி x. புரோபிட்டில் குணகம் 0.5, லாஜிட்டில் 0.8. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம்; ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து அளக்கக் கூடாது. நிகழ்தகவு p-யை நேர்கோட்டு அளவுகோலுக்கு மாற்றும் இணைப்புச் சார்பாக, லாஜிட் ln(p/(1−p)) என்பதையும் புரோபிட் இயல்நிலைப் பரவலின் நேர்மாறான Φ⁻¹(p) என்பதையும் பயன்படுத்துகின்றன. அளவுகோல் மாறுவதால் எண் மாறுகிறது. நிகழ்தகவு 0.5 ஆக இருக்கும் இடத்தில் இயல்நிலை வளைவின் சாய்வு 0.399, லாஜிஸ்டிக் வளைவின் சாய்வு 0.25. உங்கள் குணகங்களை இவற்றால் பெருக்கினால் இரண்டிலுமே விளைவு 0.20 என்று வருகிறது. x = 0 ஆகும்போது அந்த அளவுகோலில் வரும் மதிப்பான வெட்டுமதிப்பு சுழியம் என்று கொண்டால், x = 1 ஆகும்போது புரோபிட் 0.691 என்கிறது, லாஜிட் 0.690 என்கிறது.

கேள்வி: லாஜிஸ்டிக் பரவலின் திட்ட விலக்கம் π/√3, அதாவது 1.81. அப்படியானால் லாஜிட் குணகத்துக்கும் புரோபிட் குணகத்துக்கும் உள்ள விகிதமும் 1.81 ஆகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: திட்ட விலக்கம் சரி, முடிவு சரியன்று. லாஜிஸ்டிக் பரவலின் திட்ட விலக்கத்தைப் பெரிதாக்குவது அதன் கனமான வால்கள். பெரும்பாலான தரவு நடுப்பகுதியில் இருப்பதால் பொருத்தமும் அங்கேயே தீர்மானிக்கப்படுகிறது. அங்கே சாய்வுகளின் விகிதம் ஏறத்தாழ 1.6. தரவு ஓரங்களுக்கு நகர நகர விகிதமும் உயரும்.

கேள்வி: புரோபிட் குணகம் சிறியது என்றால் விளைவும் சிறியதா?

பதில்: இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என்னுடைய 4,000 பதிவுகளில் நிகழ்வு நடந்தவை 30 மட்டுமே. வால் கனமானது என்பதால் லாஜிட்தானே பொருத்தம்?

பதில்: வேறுபாடு வாலில்தான் தெரியும் என்பது உண்மை. மேற்சொன்ன குணகங்களோடு x = −6 என்ற இடத்துக்குப் போனால் புரோபிட் 0.0013 என்றும் லாஜிட் 0.0082 என்றும் சொல்கின்றன; ஆறு மடங்கு வேறுபாடு. ஆனால் நிகழ்வு அரிது என்பது மட்டும் எந்த வால் உண்மையானது என்று சொல்லிவிடாது. இரண்டு மாதிரிகளிலும் குணகங்களின் எண்ணிக்கை ஒன்றே என்பதால் மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் மடக்கை நிகழ்தகைமையை நேரடியாக ஒப்பிடலாம். 30 நிகழ்வுகளை வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் அற்பமாகவே இருக்கும். தரவு எட்டாத x மதிப்புக்கு நீங்கள் கணிப்புத் தந்தால், அந்த எண் தரவிலிருந்து அல்ல, நீங்கள் தேர்ந்த இணைப்புச் சார்பிலிருந்து வருகிறது. இதைத்தான் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறேன்.

இன்னொரு உறுப்பினர்: கேள்வி கேட்டவர் நிகழ்வுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, நிகழாதவற்றில் ஒரு பகுதியை மட்டும் குலுக்கலில் தேர்ந்திருந்தால்? அப்போது லாஜிட்டில் வெட்டுமதிப்பு மட்டுமே பிறழும், சாய்வுக் குணகங்கள் தப்பும். புரோபிட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே எப்போதும் லாஜிட்டே மேல்.

பதில்: அந்த மாதிரியெடுப்பில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். "எப்போதும்" என்பதை ஏற்கவில்லை. மறைந்திருக்கும் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு முடிவுகளைச் சேர்த்து மதிப்பிடும்போது, இருமாறி இயல்நிலைப் பரவல் தரும் வசதிக்காக நான் புரோபிட்டையே எடுப்பேன்.

அதே உறுப்பினர்: வசதி வேறு, உண்மை வேறு. பிழைகள் இயல்நிலையில் பரவியவை என்று யார் சரிபார்த்தார்கள்?

பதில்: யாரும் சரிபார்க்கவில்லை. லாஜிஸ்டிக்குக்கும் அதே கேள்வி பொருந்தும்.