16 ஆம்பியர் எம்சிபி விழுந்தால் 32 போடலாமா? வீட்டு லோடும் ஒயரும்: கேள்வி பதில்

திருநகர்: அண்ணே, மாடி ரூம்ல 1.5 டன் ஏசி, அதே ரூம் பாத்ரூம்ல 2000 வாட்ஸ் ஹீட்டர். ரெண்டும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபி. காலையில ஏசியும் ஹீட்டரும் ஓடி, அயர்ன் பாக்ஸும் போட்டா அரை மணி நேரம் கழிச்சு விழுது. எலக்ட்ரீஷியன் 32 போட்டா சரியாயிடும்ங்கிறார். போடலாமா?

போடாதீங்க தம்பி. முதலில் கணக்கைப் பார்ப்போம். வாட்ஸை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். ஹீட்டர் 2000 வாட்ஸ், 8.7 ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் 1000 வாட்ஸ் என்றால் 4.3. ஏசிக்கு டன்னை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 1700 வாட்ஸ் என்று இருந்தால் ஏறக்குறைய 7.5 ஆம்பியர். மூன்றும் சேர்ந்து 20.5.

16 ஆம்பியர் எம்சிபி 16ஐத் தாண்டிய உடனே விழாது. 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரமாவது தாங்கியே ஆக வேண்டும். 23க்குக் கொஞ்சம் மேலே போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். உங்கள் 20.5 சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அதனால்தான் போட்டவுடன் விழாமல், உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு மெல்லச் சூடேறி வளைந்து, அரை மணி கழித்து விழுகிறது. எம்சிபி கெட்டுப்போகவில்லை, அதன் வேலையைத்தான் செய்கிறது.

உங்கள் சுவருக்குள் போவது 2.5 சதுர மில்லி மீட்டர் ஒயராகத்தான் இருக்கும். பைப்புக்குள் இழுத்த 2.5 காப்பர் ஒயர் தாங்குவது சுமாராக 18 முதல் 20 ஆம்பியர். அங்கே 32 போட்டால் 36 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு எம்சிபி அசையாது. அவ்வளவு நேரமும் சுவருக்குள் ஒயரின் மேல்தோல் வெந்துகொண்டிருக்கும். அடுத்த வருடம் இன்னொரு ஹீட்டர் மாட்டினால் எச்சரிக்க ஆளே இல்லை.

செய்ய வேண்டியது, ஏசிக்கு டிபி பாக்ஸிலிருந்து தனி லைன். 4 ஒயர், 20 ஆம்பியர் சி டைப் எம்சிபி, சாதாரண 16 ஆம்பியர் பிளக்குக்குப் பதில் 20 ஆம்பியர் ஏசி பாக்ஸ். ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் பழைய 2.5 லைனிலேயே இருக்கட்டும். 13 ஆம்பியர்தான், 16 தாராளம்.

ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். புது லைன் இழுக்கும்போது பேஸ் மட்டும் புதிதாக இழுத்து, நியூட்ரலைப் பழைய லைனோடு முறுக்கிவிடுவார்கள். பைப்பில் இடமில்லை என்பார்கள். அப்படிச் செய்தால் இரண்டு லைனின் கரண்டும் அந்த ஒரே 2.5 நியூட்ரலில் திரும்பி வரும். எந்த எம்சிபியும் அந்த மொத்தத்தைப் பார்ப்பதில்லை. நியூட்ரலும் தனியாக வர வேண்டும், எர்த்தும் வர வேண்டும்.

எல்லிஸ் நகர்: சார், லோடை 1.25ஆல பெருக்கி அடுத்த சைஸ் எம்சிபி எடுக்கணும்னு படிச்சிருக்கேன். 20.5 இன்டூ 1.25ன்னா 25.6. அடுத்த சைஸ் 32. அப்ப எலக்ட்ரீஷியன் சொன்னது சரிதானே?

பாதி சரி. அந்தக் கணக்கு எம்சிபி எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்பதைச் சொல்கிறது. எவ்வளவுக்கு மேலே போகக்கூடாது என்பதை ஒயர்தான் சொல்லும். லோடு, எம்சிபி, ஒயர் மூன்றும் இந்த வரிசையிலேயே ஏற வேண்டும். லோடைவிட எம்சிபி பெரியது, எம்சிபியைவிட ஒயர் தாங்குவது பெரியது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எந்த சைஸும் விழவில்லை என்றால் லோடைப் பிரிக்க வேண்டும், இல்லை ஒயரை மாற்ற வேண்டும்.

புது வீட்டுக்கு உங்கள் கணக்கு நன்றாகவே வேலை செய்யும். அங்கே ஒயரை இன்னும் வாங்கவில்லை, எம்சிபிக்கு ஏற்ற ஒயரை எடுத்துக்கொள்ளலாம். கட்டி முடித்த வீட்டில் ஒயர் சுவருக்குள் போய்விட்டது, அதனால் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். லைட், ஃபேனுக்கு 1.5 ஒயரில் 6 அல்லது 10 ஆம்பியர், பவர் பிளக்குக்கு 2.5 ஒயரில் 16, ஏசிக்கு 4 ஒயரில் 20. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

எல்லிஸ் நகர்: அப்ப டிவி, ஃபிரிட்ஜுக்கெல்லாம் பாதுகாப்பு?

அது எம்சிபியின் வேலை இல்லை சார். வோல்டேஜ் ஏறி டிவி போர்டு போனால் எம்சிபி வேடிக்கைதான் பார்க்கும். அதற்கு ஸ்டெபிலைசரோ சர்ஜ் புரொடக்டரோ வேண்டும்.

ஒத்தக்கடை: எங்க வீட்லயும் 16 விழுது அண்ணே. ஆனா ஹீட்டர் மட்டும்தான் போடுறோம், ஏசியே கிடையாது. அப்பவும் பத்து நிமிஷத்துல விழுது. வெயில் காலத்துல ரொம்ப.

8.7 ஆம்பியருக்கு 16 விழக்கூடாது. விழுந்தால் சூடு வெளியிலிருந்து வருகிறது. எம்சிபி விழுந்தவுடன் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவற்றைவிட அது ஒன்று மட்டும் கொதித்தால் ஸ்க்ரூ லூஸ். லூஸான இடத்தில் கிளம்பும் சூடு ஒயர் வழியாக உள்ளே போய்த் தகட்டை வளைத்துவிடும். மெயினை ஆஃப் செய்து டெஸ்டரில் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். ஒயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், செம்பு கறுத்திருக்கும். கறுத்த முனையை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி, மேல்தோல் ஸ்க்ரூவுக்குள் மாட்டாதபடி நுழைத்து இறுக்க வேண்டும். பழுப்பேறிய எம்சிபியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

வெயிலுக்கும் பங்கு உண்டு. எம்சிபியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் 30 டிகிரியை வைத்துப் போட்டது. மே மாதம் மேற்கு வெயில் படும் இரும்பு டிபி பாக்ஸுக்குள், நெருக்கி மாட்டிய எட்டு எம்சிபிக்கு நடுவில் சூடு அதற்கு எவ்வளவோ மேலே இருக்கும். அப்போது 16 ஆம்பியர் எம்சிபி 14, 15 ஆம்பியர் எம்சிபி போல நடந்துகொள்ளும். ஆனால் உங்கள் 8.7க்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஸ்க்ரூவை முதலில் பாருங்கள். ஸ்க்ரூ சரியாக இருந்தால் டாங் டெஸ்டர் வைத்து ஹீட்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

மேலூர்: ஐயா, நமக்கு போர் மோட்டார் 1 எச்பி. சுவிட்சைத் தட்டின உடனே எம்சிபி விழுது. மறுபடி தட்டினா சில நேரம் ஓடுது. 10 ஆம்பியர்தான் போட்டிருக்கு. லோடு அதிகமா?

உடனே விழுவது வேறு, மெல்ல விழுவது வேறு. மெல்ல விழுந்தால் லோடு. தட்டியவுடன் விழுந்தால் ஷார்ட், இல்லையென்றால் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட். உங்களுக்கு மறுமுறை ஓடுகிறது, அதனால் ஷார்ட்டாக இருக்க வாய்ப்பு குறைவு.

1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு, 30 முதல் 40 வரை போகும். எம்சிபியின் முகப்பில் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பி10 என்று இருந்தால் 30க்கும் 50க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் சட்டென்று விழலாம். சி10 என்றால் 50 வரை பொறுக்கும். ஒரு நாள் ஓடி ஒரு நாள் விழுவது பி டைப்பின் அடையாளம். கடையில் 10 ஆம்பியர் என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். சி டைப் என்று சொல்லிக் கேளுங்கள்.

போர் வரை 2.5 ஒயர் என்றால் சி16 கூடப் போடலாம். மேலூர் பக்கம் வெயில் காலத்தில் வோல்டேஜ் இறங்கினால் அது உதவும். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் குறைவாக இழுக்கும். 230க்கு 8.7 இழுத்தது 190க்கு 7.2தான் இழுக்கும், தண்ணீர் சூடாக நேரமாகும், அவ்வளவுதான். மோட்டார் அப்படியில்லை. அதே தண்ணீரைத் தூக்க அதிகமாக இழுக்கும். ஆனால் சி16 மோட்டாரைக் காப்பாற்றாது. காயில் எரியாமல் பார்த்துக்கொள்வது ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் ஓவர்லோடு ரிலே. அதை மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆரப்பாளையம்: அண்ணா, எம்சிபி போட்டாச்சுன்னா ஷாக் அடிக்காதுல்ல? பாத்ரூம் ஹீட்டர் தொட்டா சுர்ருங்குது.

ஹீட்டரை இப்போதே ஆஃப் செய்து பிளக்கை உருவுங்கள் அக்கா. சரிசெய்யும்வரை போடவே வேண்டாம். எந்த சைஸ் எம்சிபியும் ஷாக்கைத் தடுக்காது. உடம்பு வழியாக ஆம்பியரில் நூறில் சில பங்கு போனாலே உயிருக்கு ஆபத்து, எம்சிபிக்கு அது கண்ணில்கூடப் படாது. அதற்கு, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், வேலை செய்யும் எர்த்தும் வேண்டும். ஹீட்டர் காயிலையும் பிளக்கின் எர்த் பின்னையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள்.

தெற்கு மாசி வீதி: பழைய வீடு. இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். ஒயர் என்ன சைஸுன்னு யாருக்கும் தெரியாது. எம்சிபியா மாத்தணும், எத்தனை ஆம்பியர்?

ஃபியூஸ் கட்டையில் இப்போது இருக்கும் கம்பியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் கையில் கிடைத்த ஒயரிலிருந்து இரண்டு மூன்று இழை உருவி முறுக்கியிருப்பார்கள். கடையில் விற்கும் ஃபியூஸ் கம்பி 0.2 மில்லி மீட்டர் என்றால் 5 ஆம்பியருக்கு, 0.5 என்றால் 15 ஆம்பியருக்கு. அதுவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு போனால்தான் உருகும். மூன்று இழை முறுக்கினால் 30 ஆம்பியரைத் தாண்டினாலும் உருகாது.

மெயினை ஆஃப் செய்து ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றி ஒயர் முனையைப் பாருங்கள். பழைய வீடுகளில் 3/22 என்று ஒரு ஒயர் போட்டிருப்பார்கள், 0.7 மில்லி மீட்டர் கம்பி மூன்று இருக்கும். அது இன்றைய 1 ஒயரைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்கு 6, மிஞ்சிப் போனால் 10 ஆம்பியர். ஹீட்டர், மிக்ஸி எதையும் அதில் சேர்க்க வேண்டாம். 7/20 இருந்தால் 4 ஒயருக்கு மேலேயே வரும், 20 போடலாம். கம்பி வெள்ளையாக இருந்தால் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பு தெரிந்தால் ஈயம் பூசிய செம்பு. வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம், நான் சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தாது.

தெற்கு மாசி வீதி: சுரண்டிப் பார்த்தேன், சிவப்புதான், மூணு கம்பி. ஆனா மேல் ரப்பர் வளைச்சா உதிருது.

அப்படியென்றால் அந்த ஒயருக்கு நான் எந்த எண்ணும் சொல்ல மாட்டேன். மேல்தோல் உதிர்ந்த ஒயரைச் சிறிய எம்சிபி காப்பாற்றாது. மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகுதான், எந்த லைனை வைத்துக்கொள்வது, எதை உருவுவது என்று தெரியும். அதுவரை லைட்டும் ஃபேனும் மட்டும், 5 ஆம்பியர் கம்பியோடு.