டைல்ஸ் விலைப்பட்டியலை எந்த வடிவத்தில் மாற்றுவது?

"ஆத்தங்குடி டைல்ஸ் விலைப்பட்டியல் ஸ்கிரீன்ஷாட்டாக வந்திருக்கிறது. என் வலைப்பதிவில் போட மார்க்டவுனா, வெறும் உரையா, சிஎஸ்வியா?"

படிக்க மட்டும் என்றால் மார்க்டவுன்:

```
| வகை | சதுர அடி | விலை | தொகை |
|---|---:|---:|---:|
| பூ டிசைன் | 1,200 | 90 | 1,08,000 |
```

வலப்பக்க `:` எண்களை வலப்புறம் ஒதுக்கும். முன்னோட்டத்தில் கோடுகள் அப்படியே தெரிந்தால், உங்கள் தளம் மார்க்டவுன் அட்டவணையை ஏற்கவில்லை என்று அர்த்தம்.

வெறும் உரையைத் தமிழுக்கு நான் சொல்லவே மாட்டேன். இடைவெளி தட்டி நேராக்கினாலும் 'ணூ' அகலம், 'ர' ஒல்லி, வரிசை கோணிவிடும். வலைப்பக்கமோ தொடர் இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கிவிடும்.

வாசகர் இறக்கிக் கணக்குப் போடவேண்டும் என்றால்தான் சிஎஸ்வி. அதில் கட்டங்களைப் பிரிப்பதே காற்புள்ளி என்பதால், நம் லட்சக் காற்புள்ளிதான் வில்லங்கம். மேலே உள்ள வரியை அப்படியே எழுதினால் நான்கு கட்டங்கள் ஏழாக உடையும்: பூ டிசைன், 1, 200, 90, 1, 08, 000. எண்ணிலுள்ள காற்புள்ளிகளை எடுத்துவிடுங்கள்:

```
பூ டிசைன்,1200,90,108000
```

எக்செலில் தமிழ் குழம்பாமலிருக்க `CSV UTF-8` என்று சேமியுங்கள்.

அப்புறம், எந்த வடிவமானாலும் பெருக்கிப் பாருங்கள். படத்திலிருந்து எழுத்தெடுக்கும் செயலி 90ஐ 80 என்று படித்திருந்தால் 1200 × 80 = 96,000 வரும், தொகைக் கட்டத்தோடு ஒட்டாது. அந்த வரியைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.