விரிவுரையாளர் சொன்ன தூள் எந்தத் தூள்?

தேயிலைத் தயாரிப்பு விரிவுரை ஒன்றின் ஒலிப்பதிவைக் கேட்டு, அதில் வரும் தொழிற்சொற்களுக்குப் பொருள் எழுதி ஒரு பட்டியல் தொகுத்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஹட்டன், ஆசிரியை: ஒலிப்பதிவில் ஒரு சொல் முதலில் வரும் இடத்திலிருந்து அதன் பொருளை எடுத்தால் போதாதா?

போதாது, டீச்சர். அந்த விரிவுரையில் "தூள்" 4ஆம் நிமிடத்திலேயே வந்துவிட்டது. நானும் கடையில் வாங்கும் தேயிலைத் தூள் என்றே எழுதிவிட்டேன். பிறகு "முதல் தூளைப் பரப்பி நிறம் மாற விடணும்" என்று அவர் சொன்னபோது, காய்ந்த தூளுக்கு அது பொருந்தாது என்பது புரிந்தது. விளக்கம் 19ஆம் நிமிடத்தில், வேறொரு கதையின் நடுவே இருந்தது: "உருட்டின கொழுந்தச் சலிச்சா கீழ விழுறது தூள், மேல நிக்கிறது திரும்ப ரோலருக்குப் போகும்." ஆகவே, எழுதிய பொருளை அந்தச் சொல் வரும் எல்லா வாக்கியங்களிலும் வைத்துப் பார்க்கிறேன், ஓரிடத்தில் இடித்தாலும் மீண்டும் கேட்கிறேன். இப்போது பட்டியலில் இப்படி இருக்கிறது:

தூள்: உருட்டிய கொழுந்தைச் சலிக்கும்போது கீழே விழும் ஈரமான பகுதி. 19:40.

தலவாக்கலை, ஓய்வுபெற்ற டீமேக்கர்: ஃபெர்மென்டேஷனுக்கு அகராதியில் நொதித்தல் என்று இருக்கிறதே, தம்பி. அதையே போட்டால் என்ன?

சொல் சரிதான், ஐயா; ஆனால் அகராதி தரும் பொருள் கள் புளிப்பதற்கு உரியது. "வெட்டி வச்ச ஆப்பிள் பழுப்பாகிற மாதிரி" என்றுதான் விரிவுரையாளர் விளக்குகிறார். அதாவது, நுண்ணுயிர் எதுவுமின்றி, கசங்கிய இலையின் சொந்த நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் மாற்றம். அதைப் பொருளாக எழுதிவிட்டு, வேதியியலில் இதனை ஒட்சியேற்றம் என்பர் என்பதைத் தொகுப்பாளர் குறிப்பாகத் தனியே வைத்தேன். தலைச்சொல்லையே திருத்திவிட்டால், ஒலிப்பதிவைக் கேட்பவர் தம் காதில் விழுந்த சொல்லைப் பட்டியலில் காணமாட்டார்.

பண்டாரவளை, மாணவர்: எங்கள் தோட்டத்தில் 100 கிலோ கொழுந்துக்கு ஏறக்குறைய 22 கிலோதான் கிடைக்கிறது. உங்கள் பட்டியலில் 45 என்று இருப்பது பிழையல்லவா?

நீங்கள் சொல்வது காய்ந்து முடிந்த தேயிலையின் எடை. பட்டியலில் உள்ளது வாட்டம், அதாவது உருட்டுவதற்கு முன் கொழுந்தை வாட வைக்கும் கட்டத்தின் எடைக் கணக்கு. ஆனாலும் உங்கள் ஐயத்துக்கு இடமுண்டு, ஏனெனில் 12ஆம் நிமிடத்தில் விரிவுரையாளர் "வாட்டம் நூத்துக்கு நாப்பத்தஞ்சு" என்றாரே தவிர, அது இழந்த எடையா மிஞ்சிய எடையா என்று சொல்லவில்லை. 27ஆம் நிமிடத்துக் கணக்குத்தான் கைகொடுத்தது: "ஆயிரம் கிலோ போட்டா நானூத்தைம்பது ரோலருக்குப் போகும்." இழந்த எடையாக இருந்திருந்தால் 550 கிலோ போயிருக்க வேண்டும். எனவே மிஞ்சிய எடை என்று எழுதி, இரண்டு நேரங்களையும் குறித்தேன்.

நுவரெலியா, நூலக உதவியாளர்: விரிவுரையாளர் படத்தைக் காட்டி "இந்த மாதிரி" என்று மட்டும் சொன்ன சொற்களை விட்டுவிடலாமா?

விடக்கூடாது என்பதே என் கருத்து. "பிக் பல்க் இந்த மாதிரி இருக்கும்" என்கிறார். ஒலியில் படம் இல்லை. கடைசி உருட்டலுக்குப் பின்பும் சல்லடையில் தங்கும் பருமனான பகுதியைத் தொழிற்சாலையில் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அவர் வாயிலிருந்து வந்த விளக்கமல்ல. அதனால் சொல்லையும் நேரத்தையும் மட்டும் எழுதிப் பொருளுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்தப் படத்தைக் கேட்டு அவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.