மாதக் கடைசி ரிப்போர்ட்டும் நின்றுபோகும் பில்லிங்கும்

"மாதக் கடைசியில் விற்பனை ரிப்போர்ட் எடுத்தால் ஈஆர்பியில் பில் போட முடியவில்லை. தனியாக டேட்டா வேர்ஹவுஸ் வைத்தால் சரியாகுமா?"

ஆகும். டேட்டா வேர்ஹவுஸ் என்பது ரிப்போர்ட்டுக்கென்றே தரவின் நகலை வைக்கும் தனி டேட்டாபேஸ். பில் போட சில வரிசைகளைத் தொட்டால் போதும். ரிப்போர்ட்டோ பல வருட விற்பனையைப் புரட்டுகிறது. அதனால் பில்லிங்குக்கு வேண்டிய தரவு மெமரியிலிருந்து வெளியேறிவிடும். எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான அமைப்பில், ரிப்போர்ட் படிக்கும்போது போடும் லாக் விடுபடவும் பில் காத்திருக்க நேரும்.

இரவில், மாறிய வரிசைகளை மட்டும் வேர்ஹவுஸுக்கு எடுங்கள்:

```sql
SELECT * FROM sales
WHERE updated_at > @last_run
```

`updated_at`-க்கு இன்டெக்ஸ் வேண்டும். இதில் ஒரு ஓட்டை உண்டு: ஈஆர்பியில் அழித்த பில் இதில் வராது, வேர்ஹவுஸில் அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் நாள்வாரி பில் எண்ணிக்கையையும் தொகையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அழிக்காமல் 'ரத்து' என்று குறிக்க வைப்பதே என் சிபாரிசு. அப்புறம், இந்த நிமிட ஸ்டாக்கை ஈஆர்பியிலேயே பாருங்கள். வேர்ஹவுஸில் இருப்பது நேற்று இரவு நிலவரம்.