கோணத்தில் இருக்கிறது கணக்கு

வணக்கம் சார். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். (1+i)²⁰ கணக்கைத் துருவ வடிவத்துக்கு மாற்றி அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தாள். நான் (1+i)² = 2i, அதன் பத்தாம் அடுக்கு −1024 என்று இரண்டே வரியில் முடித்துவிட்டேன். அப்புறம் துருவ வடிவம் எதற்கு? இன்னொரு சந்தேகம். (−1−i)²⁰ கணக்கில் வீச்சு 45° என்று எடுத்தாள், விடை சரியாக வந்தது. அதே 45°-ஐ வைத்து (−1−i)⁷ போட்டாள், குறி மாறிவிட்டது. ஒரே முறை, ஒன்றில் சரி, ஒன்றில் தப்பு. எப்படி?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டு வரியில் ஒரு குறையும் இல்லை. பரீட்சையில் உட்கார்ந்தால் நானும் அப்படித்தான் போடுவேன். ஆனால் வர்க்கப்படுத்தினால் சட்டென்று 2i வருகிறதே, அது ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

மகளிடம் ஒரு வரைபடத் தாள் இருக்கும். அதில் 1-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 1+i-ஆல் பெருக்கி, கிடைக்கும் புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். 1, 1+i, 2i, −2+2i, −4, −4−4i, −8i, 8−8i, 16. எட்டுப் பெருக்கலில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடும். நத்தை ஓட்டைப் போல விரிந்துகொண்டே போகும் வளைவு ஒன்று தாளில் தெரியும். ஒவ்வொரு பெருக்கலும் செய்வது இரண்டே வேலை: புள்ளியை 45° திருப்புகிறது, ஆதியிலிருந்து இருக்கும் தூரத்தை √2 மடங்கு ஆக்குகிறது. அந்தத் தூரத்தைத்தான் பாடப்புத்தகம் மட்டு என்கிறது, கோணத்தை வீச்சு என்கிறது.

இப்போது 20-ஐ 8 + 8 + 4 என்று பாருங்கள். இரண்டு முழுச் சுற்று, மேலே ஒரு அரைச் சுற்று. அரைச் சுற்று என்றால் எதிர்ப்பக்கம், அதனால் விடையில் கழித்தல் குறி, i-யும் மிஞ்சவில்லை. தூரம் (√2)²⁰, அதாவது 2¹⁰, 1024. உங்கள் மகளின் அரைப் பக்கத்தில் இருந்த சாரம் இவ்வளவுதான்: 20 × 45° = 900°, அதில் 720° போனால் 180°.

கோணங்கள் ஏன் கூடுகின்றன என்பதற்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை. cos a + i sin a, cos b + i sin b இரண்டையும் பெருக்கினால் மெய்ப் பகுதி cos a cos b − sin a sin b. பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த cos(a+b) சூத்திரமேதான் அது. கற்பனைப் பகுதி அதேபோல sin(a+b) ஆகும். ஒரே எண்ணை இருபது முறை பெருக்கினால் ஒரே கோணம் இருபது முறை கூடுகிறது.

உங்கள் குறுக்குவழி பலித்ததும் இதனால்தான். 45°-ஐ இரட்டித்தால் 90°, புள்ளி நேராகக் கற்பனை அச்சில் போய் விழுகிறது. (√3+i)²⁰ கணக்கில் இதே வித்தையைக் காட்டிப் பாருங்கள். வர்க்கம் 2+2√3 i, கையில் ஒட்டிக்கொள்கிறதே தவிர எளிதாகவில்லை. அதன் வீச்சு 30° என்று தெரிந்தவர் மூன்றாம் அடுக்குக்குப் போவார், அங்கே 8i காத்திருக்கிறது. எந்த அடுக்கில் அச்சைத் தொடும் என்பதைக் கோணம் பார்க்காமல் சொல்ல முடியாது. நேராகப் போட்டாலும் சுலபம்: மட்டு 2, எனவே 2²⁰, கோணம் 600°, அதாவது 240°. விடை −5,24,288(1+√3 i).

சரி, மகளின் 45°-க்கு வருவோம். அவள் tan⁻¹(−1/−1) என்று போட்டிருப்பாள், கால்குலேட்டர் 45° என்று சொல்லியிருக்கும். கால்குலேட்டருக்கு மேலே ஒரு கழித்தல், கீழே ஒரு கழித்தல் இருந்தது தெரியாது. வகுத்த பிறகு வரும் 1 மட்டும்தான் அதற்குத் தெரியும். −1−i இருப்பது மூன்றாம் காற்பகுதியில், வீச்சு −135°. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 180°. அதாவது அவள் −1−i-க்குப் பதிலாக அதன் எதிர் எண்ணான 1+i-ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறாள்.

இருபதாம் அடுக்கில் அந்த 180° பிழையும் இருபது மடங்காகிறது: 3600°, பத்து முழுச் சுற்று. பத்துச் சுற்று சுற்றிவிட்டுப் பிழை கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கிறது, யாருக்கும் தெரியாது. ஏழாம் அடுக்கில் 7 × 180° = 1260°, மூன்றரைச் சுற்று. அந்த அரைச் சுற்று விடையை எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. சரியான வழியில் −135° × 7 = −945°. மூன்று சுற்று, 1080° கூட்டினால் 135°. மட்டு (√2)⁷ = 8√2. விடை −8+8i. அவளுக்கு 8−8i வந்திருக்கும்.

இரட்டைப்படை அடுக்கு எதுவானாலும் இந்தத் தப்பை மறைத்துவிடும். −√3+i-க்கு −30° என்று எழுதிப் பத்தாம் அடுக்கைச் சரியாகக் கண்டுபிடித்து முழு மதிப்பெண் வாங்கிய விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன் (உண்மையான வீச்சு 150°). திருத்துகிறவர் கடைசி வரியை மட்டும் பார்த்தால் போச்சு. மகளுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: tan⁻¹-ஐத் தொடும் முன் புள்ளியைத் தாளில் தோராயமாக வைத்துவிட வேண்டும்.

துருவ வடிவத்துக்கும் எல்லை உண்டு. (2+i)²⁰ எடுத்துக்கொள்ளுங்கள். வீச்சு 26.565° சொச்சம், அழகான கோணம் இல்லை. அதை 26.57° என்று முழுமையாக்கினால் பிழை 0.005° கூட இல்லை. இருபதால் பெருக்கியதும் அது ஏறக்குறைய 0.1° ஆகிறது. மட்டு 5¹⁰, அதாவது 97,65,625. அவ்வளவு தூரத்தில் 0.1° நகர்ந்தால் சும்மா இருக்குமா? கற்பனைப் பகுதி சுமார் 14,60,300 என்று வரும், உண்மையான மதிப்புக்குக் கிட்டத்தட்ட 16,700 குறைவாக.

இந்த மாதிரி இடத்தில் உங்கள் வழிதான் ராஜா. அடுத்தடுத்து வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள். இரண்டாம் அடுக்கு 3+4i, நான்காம் அடுக்கு −7+24i, எட்டாம் அடுக்கு −527−336i, பதினாறாம் அடுக்கு 1,64,833 + 3,54,144i. கடைசியாக பதினாறையும் நான்கையும் பெருக்கினால் −96,53,287 + 14,76,984i. முழு எண்கள், தோராயம் எதுவும் இல்லை.

இங்கேயும் துருவ வடிவம் சரிபார்க்க வரும். 20 × 26.565° = 531.3°, 360° போக 171.3°, இரண்டாம் காற்பகுதி. மெய்ப் பகுதி குறை எண், கற்பனைப் பகுதி மிகை எண் என்று வந்தால் சரி. இரண்டு பகுதிகளின் வர்க்கங்களையும் கூட்டினால் 5²⁰ வர வேண்டும், எனவே கடைசி இலக்கம் 5. நம் விடையில் 7-இன் வர்க்கம் 9-இல் முடியும், 4-இன் வர்க்கம் 6-இல் முடியும், 9 + 6 = 15.